அறுபத்து மூன்று ‘நாம்’

அறுநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள் போட்டு அனுப்பியிருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டும் வேண்டாமாம்.

கூரியரில் வந்த தாள்கட்டைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்து வைத்துக்கொண்டு, கமா மேலே இருந்த துண்டுச் சீட்டை மறுபடியும் படித்தாள். “மேடம், எந்த மாற்றமும் வேண்டாம். நான் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். அப்படியே அச்சுக்கு அனுப்பவும்.” கீழே கையெழுத்து. அவ்வளவுதான். ஒரு நன்றிகூட இல்லை.

கமா என்பது அவள் பெயர் இல்லை. யார் எதைப் பேசினாலும் நடுவில் நிறுத்தித் திருத்துவாள் என்பதால் அவள் கணவன் கல்யாணமான முதல் மாதமே வைத்த பட்டம். பதினாறு வருடமாக வீட்டிலிருந்தே பிறர் புத்தகங்களைத் திருத்திக் கொடுக்கிறாள். சண்டை போட்ட எழுத்தாளர்களைப் பார்த்திருக்கிறாள். அழுதவர்களையும் பார்த்திருக்கிறாள். முழுக் கட்டையும் திருப்பி முகத்தில் எறிந்தவர் இவர்தான் முதல் ஆள்.

இவர் என்றால் மிஷின்காரர். தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வயது எழுபத்தாறு. மூன்று நோட்டுப் புத்தகங்களில் தன் குடும்பக் கதையைக் கைப்பட எழுதியிருந்தார். அச்சகத்தில் அதை எழுதியபடியே தட்டச்சு செய்து, ‘திருத்தித் தாருங்கள்’ என்று கமாவுக்கு அனுப்பினார்கள். கணினித் திரையில் பார்க்க மாட்டேன் என்று அவர் சொன்னதால், பழைய சொல்லும் புதுச் சொல்லும் அருகருகே தெரிகிற மாதிரி எடுத்து, நூற்றிருபது தாள்களை அச்சடித்து அனுப்பியிருந்தாள்.

முதல் நாள் போனிலேயே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“முப்பது காப்பி போடறாங்கம்மா. இருபத்தொன்பது காப்பி சும்மா. ஒண்ணுதான் கணக்கு. சின்னவ படிக்கணும்.”

சின்னவள் அவருடைய மகள். ஆனால் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். நோட்டில் அந்தக் கதையும் இருந்தது. மூத்த பையனுக்கு நோய் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்று வயதுச் சின்னவளை மனைவியின் அக்கா வீட்டில் விட்டார்கள். மூன்று மாதத்துக்கு என்றுதான் விட்டார்கள். பையன் பிழைத்துவிட்டான். சின்னவள் திரும்பி வரவில்லை. குழந்தை இல்லாத பெரியம்மாவே அம்மாவானாள். பெற்றவள் சித்தி ஆனாள். அக்கா இருக்கும்வரை இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று மிஷின்காரர் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி போய் ஆறு வருடம். போன வருடம் அக்காவும் போனாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார்.

சின்னவள் இப்போது தமிழ் டீச்சர். இன்னும் இரண்டு மாதத்தில் தூரத்து ஊருக்கு மாற்றலாகிப் போகிறாள். போவதற்குள் புத்தகம் அவள் கைக்குப் போக வேண்டும்.

கமாவை உறுத்தியது அந்த ‘டீச்சர்’தான். மிஷின்காரருக்குப் பெரிய ‘ற’, சின்ன ‘ர’, ‘ல’, ‘ள’ எல்லாவற்றோடும் ஜென்மப் பகை. மழையில் வீட்டுக் ‘கூறை’ ஒழுகியதாக எழுதியிருந்தார். கல்யாணப் புடவை எப்படி ஒழுகும்? ஒரு ‘அரை’யில் ஐந்து பேர் தூங்கினார்கள். மூத்தவனை ஆறு வயதில் ‘பல்லி’க்கு அனுப்பினார்கள். இதை ஒரு தமிழ் டீச்சர் எத்தனை பக்கம் பொறுத்துக்கொண்டு படிப்பாள்? நாலு பக்கம். அதற்கு மேல் சிரிப்பாள், அல்லது மூடி வைப்பாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. லேப்டாப்பைத் திறந்து பதில் அடித்தாள்.

‘ஐயா, எழுதியதை எழுதியபடியே அச்சிட எடிட்டர் தேவையில்லை. கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். புத்தகத்தில் எங்கும் என் பெயர் வர வேண்டாம்.’

பதினோரு மணிக்குக் கணவன் வந்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலை டிரிப் முடித்தால் மூன்று மணி வரை வீட்டில்தான். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தான்.

“இது லெட்டர் இல்ல, கமா. வக்கீல் நோட்டீஸ்.”

“பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? ஒண்ணக்கூட ஒத்துக்கலங்க அந்த மனுஷன். ஒரு புள்ளியக்கூட.”

“பல்லியையுமா?”

“பல்லியையும்தான்.”

“அடேங்கப்பா.” அவன் தண்ணீர் சொம்பை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். “எங்க வேன்ல ஒரு வாண்டு இருக்கான். காலையில ஏறும்போதே எல்லாத்துக்கும் ‘மாட்டேன்’. சீட்ல உக்காரு, மாட்டேன். பையக் கழட்டு, மாட்டேன். ஜன்னல மூடு, மாட்டேன். போன வாரம்தான் தெரிஞ்சுது, அவனுக்கு வேண்டாதது ஒண்ணே ஒண்ணுதான். ஷூ கடிக்குது.”

“இவரு எழுபத்தாறு வயசு வாண்டு.”

“ஷூ எங்க கடிக்குதுன்னு பாத்தியா?”

“பாக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாப் பக்கத்துலயும் ஒரே பாட்டு.” ஆனாலும் கட்டை இழுத்தாள். அவளுக்குத் தேவை வேறு. கடிதத்தில் மேற்கோள் காட்ட, இருப்பதிலேயே மோசமான மூன்று பிழைகள் வேண்டும்.

முதல் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரத்தில் பச்சை மையில் ‘பழையபடியே இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார். பிள்ளையார் சுழி போடுகிற பக்தியோடு எழுதிய எழுத்து. ஐந்தாம் பக்கத்தில் கை வலித்திருக்க வேண்டும். ‘இருக்கட்டும்’ ஆனது. பத்தாம் பக்கத்தில் ‘இரு’. இருபதாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். பல்லிக்கு நேரே அந்தக் கோடுகூட அரைகுறையாக இருந்தது. மனிதர் அதைப் படித்தாரா என்பதே சந்தேகம்.

பக்கம் புரட்டிக்கொண்டே வந்தவள் முப்பத்திரண்டில் நின்றாள்.

அங்கே கோடு இல்லை. ‘பழையபடியே இருக்கட்டும்.’ முழு வாக்கியம். அடியில் இரண்டு கோடு. பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.

அடுத்து முப்பத்து நாலில் ஒன்று. அதே மாதிரி முழு வாக்கியம், இரண்டு கோடு. முப்பத்தைந்தில் இரண்டு இடம்.

“என்னாச்சு?” என்றான் கணவன்.

“ஷ்.”

அவள் பென்சிலை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். அழுத்தி எழுதிய இடங்கள் அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றிலும் அவள் செய்திருந்தது ஒரே திருத்தம். ‘நாம்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றியிருந்தாள்.

சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற வித்தியாசம். நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. ஊருக்குத் தன் கதையைச் சொல்கிறவர் ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டும். ‘நாம் புது வீட்டுக்குக் குடி போனோம்’ என்றால் படிக்கிறவனும் பெட்டி தூக்கினானா? இதுவும் இன்னொரு பிழை என்று நினைத்து, ஒவ்வொன்றாக யோசித்துக்கூடப் பார்க்காமல், கணினியில் ஒரே தேடலில் தேடி வரிசையாக மாற்றிக்கொண்டே போயிருந்தாள்.

புது வீட்டுக்குக் குடி போனபோது சின்னவள் பெரியம்மா வீட்டில் இருந்தாள். கடைக்கு இரண்டாவது மிஷின் வாங்கியபோதும் அங்கேதான். மூத்தவன் பரீட்சையில் தேறியபோது, மனைவி ஆபரேஷன் முடிந்து வந்தபோது, எப்போதுமே அவள் அங்கேதான். எல்லா இடத்திலும் அவர் எழுதியது ‘நாம்’.

ஊருக்கு எழுதவில்லை அவர். ஒரே ஒருத்திக்கு எழுதியிருக்கிறார். அறுபத்து மூன்று முறை அவளை வீட்டுக்குள் கூட்டி வந்திருக்கிறார். கமா அறுபத்து மூன்று முறையும் அவளை வெளியே அனுப்பி வைத்திருக்கிறாள்.

“ஏங்க,” என்றாள். “நான்தாங்க தப்பு.”

“அட! தேதியக் குறிச்சு வைக்கணுமே.”

“சும்மா இருங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடித்த கடிதத்தை அழித்தாள். பிறகு நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்து இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரமும் படித்தாள். அதன் பிறகுதான் புதிதாக எழுத உட்கார்ந்தாள். ஒன்றரைப் பக்கம் எழுத மூன்று மணி ஆகிவிட்டது. கணவன் மாலை டிரிப்புக்குக் கிளம்பும்போது, உறையை அவனிடமே கொடுத்து மிஷின் கடையில் சேர்க்கச் சொன்னாள்.

மறுநாள் காலை போன் வந்தது.

“கடைக்கு வர முடியுமாம்மா? கண்ணாடி போட்டும் எழுத்து ஆடுது. நீங்களே படிச்சுக் காட்டிடுங்க.”

நல்ல பெரிய எழுத்தில்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தாள். ஆனாலும் போனாள்.

கடை ஒரு கார் நிறுத்துகிற அளவுதான் இருக்கும். சுவரோரம் தலை கழற்றிய மிஷின்கள் வரிசையாக நின்றன. எண்ணெய் வாசனை. மேஜை மேல் ஒரு தட்டில் நூல் சுற்றும் பாபின்கள், ஊசிகள், பல்சக்கரங்கள். மிஷின்காரர் ஒல்லியாக, காதில் பென்சில் செருகி, மடித்துவிட்ட சட்டைக் கையோடு இருந்தார். ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். கடிதம் பிரித்தபடி அவர் முன்னால் கிடந்தது.

“படிங்க.”

அவள் படித்தாள்.

‘மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

உங்கள் ‘நாம்’ ஒவ்வொன்றையும் நான் மாற்றியது தவறு. இலக்கணத்தைப் பார்த்தேன். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும். அவை இருக்கட்டும்.

ஆனால் மற்றத் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். காரணம் ஒன்றுதான். படிக்கப் போகிறவர் தமிழ் டீச்சர். பக்கத்துக்கு ஐந்து பிழை இருந்தால், ‘நாம்’ என்பதையும் ஆறாவது பிழை என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவார். மற்ற எல்லாம் சரியாக இருந்தால்தான், இதை அப்பா தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.’

நிமிர்ந்து பார்த்தாள். மிஷின்காரர் ஒரு திருகாணியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இத மட்டும் மாத்தாதீங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு அறுநூத்துப் பன்னெண்டையும் வேணாம்னீங்க?”

“ஒண்ண மட்டும் வேணாம்னா, ஏன்னு கேப்பீங்க.” அவர் தலை நிமிராமலே சொன்னார். “எல்லாத்தையும் வேணாம்னா, பிடிவாதம் புடிச்ச கிழவன்னு விட்டுடுவீங்க. ஏன்னு கேட்டா நான் சொல்லணும்ல. நாப்பத்துமூணு வருஷமா சொன்னதில்ல. திடீர்னு வாயில வருமா?”

கமா கடிதத்தை மடியில் வைத்தாள்.

“நான் பல்லிக்கு அனுப்பினேன்னு எழுதினதுக்கு அச்சகத்துல சிரிச்சாங்களாமே?”

“லேசா.”

“பள்ளிக்கூடமே சரியாப் போகாதவன் வேற எங்க அனுப்புவான்?” அவர் சிரித்தார். பொக்கை வாய், ஒரே ஒரு பல். “சரி, அதெல்லாம் உங்க இஷ்டம். கூரையும் பள்ளியும் எப்படி வேணா போட்டுக்குங்க. கடைசிப் பாராவப் படிங்க. அதுதான் நைட்டெல்லாம் குடையுது.”

ஆக, எழுத்து நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. கமா காட்டிக்கொள்ளாமல் படித்தாள்.

‘ஓர் இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கம் நாற்பத்தொன்று. மூன்று மாதம் கழித்து நீங்களும் அம்மாவும் குழந்தையைக் கூட்டிவரப் போன நாள். “அன்று நாம் ஒரு முடிவு எடுத்தோம். சின்னவளை அங்கேயே விட்டுவிடுவது என்று.” இந்த ‘நாம்’ கூடாது. இங்கே ‘நாங்கள்’ என்றுதான் வர வேண்டும். அந்த முடிவில் சின்னவருக்குப் பங்கு இல்லை.

அடுத்த வரியில் “நாம் பஸ்ஸில் திரும்பி வந்தோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அது இருக்கட்டும். அதை நான் தொட மாட்டேன்.’

மிஷின்காரர் திருகாணியைத் தட்டில் போட்டார்.

“பஸ்ல அவ என் மடியிலதான் இருந்தா,” என்றார். “இறங்கும்போது கால் மரத்துப்போச்சும்மா. நெசமாவே. சம்சாரத்துகிட்டகூடச் சொல்லல.”

“அதனாலதான் அத விட்டுட்டேன்.”

“அப்ப இத மட்டும் ஏன் புடிச்சுக்கிறீங்க? எல்லா இடத்துலயும் நாம்னு சொல்லிட்டு, அந்த எடத்துல மட்டும் நாங்கள்னா, அவள வெளிய தள்ற மாதிரி ஆகாதா?”

“அன்னைக்கு அவங்க வெளியேதான் இருந்தாங்கய்யா. நீங்களேதான் எழுதியிருக்கீங்க. பெரியவங்க உள்ள பேசிட்டு இருந்தோம், சின்னவ வாசப்படியில காலி நூல்கண்ட உருட்டி விளையாடிட்டு இருந்தான்னு.”

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. எதிர்க்கடை ஷட்டரைத் தூக்கினார்கள்.

“மூணு வயசுக் குழந்தைங்க. முடிவுல அவங்களையும் சேத்துட்டீங்கன்னா, பாரத்துல ஒரு பங்கு அவங்க தலையிலயும் ஏறும். அது உங்க ரெண்டு பேரோட முடிவு. நீங்களே சுமக்கணும்.” சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று கமா பயந்தாள். “இது உங்க புத்தகம்யா. நீங்க வேணாம்னா வேணாம்தான். நான் எழுதிக் கேக்கத்தான் முடியும்.”

மிஷின்காரர் வெகுநேரம் ஒரு பாபினைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

“சம்சாரத்தோட அக்கா பாவம்மா,” என்றார் கடைசியில். “காலப் புடிச்சுட்டா. நெசமாவே காலப் புடிச்சுட்டா. என் சம்சாரம் என்னையப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். யாரும் சரின்னு சொல்லல. எந்திரிச்சு வந்துட்டோம். பின்வாசல் வழியா. முன்னாடி போனா சின்னவ பாத்துடுவாளேன்னு.”

பின்வாசல் விவரம் நோட்டில் இல்லை. கமா கேட்கவில்லை.

“அந்தத் தாளு எங்க?”

கட்டிலிருந்து நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். மேஜையில் தாளை நீவி வைத்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். அவள் அடித்துத் திருத்தியிருந்த ‘நாங்கள்’ அங்கேயேதான் இருந்தது. பேசாமல் ஒரு டிக் போட்டிருக்கலாம். போடவில்லை. தன் ‘நாம்’ மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் தன் கையால், ஒவ்வோர் எழுத்தாக ‘நாங்கள்’ என்று எழுதினார். முடித்துவிட்டு, “ளானா சரிதானே?” என்று கேட்டார்.

“சரிதான்யா.”

“யாருக்குன்னு முதல் பக்கத்துல ஒரு வரி போடணும்னு அச்சகத்துல கேட்டாங்க. சமர்ப்பணமாம். வேணாம்னுட்டேன். அந்த ‘நாம்’ புரிஞ்சா போதும் அவளுக்கு.”

“வேணாம்,” என்றாள் கமாவும்.

புத்தகம் மூன்று வாரத்தில் வந்தது. மெல்லிய புத்தகம், சாம்பல் நிற அட்டை. மிஷின்காரர் ஒரு காப்பியைச் சின்னவளுக்குத் தபாலில் அனுப்பினார். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை. தபால் சேர்ந்ததும் ‘புத்தகம் கிடைத்தது சித்தப்பா’ என்று ஒரு செய்தி வந்ததாம். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரமும் ஒன்றுமில்லை. அவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை கமாவுக்குப் போன் செய்து, ஏதாவது மிஷின் ரிப்பேர் இருக்கிறதா என்று விசாரித்தார். கமா வீட்டில் மிஷினே கிடையாது.

பதினாறாம் நாள், புதன்கிழமை மதியம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“நீங்கதான் எடிட்டரா? அச்சகத்துல நம்பர் வாங்கினேன். நான்...” அந்தப் பெண் குரல் ஒரு கணம் தடுமாறியது. “மிஷின் கடைக்காரர் புத்தகம் இருக்குல்ல, அது சம்பந்தமா.”

கமா எழுந்து நின்றுவிட்டாள். “சொல்லுங்க டீச்சர்.”

“எனக்குப் பென்சில் இல்லாம படிக்க வராது. முப்பத்திரண்டாம் பக்கத்துல முதல்முதலா ‘நாம்’னு வந்துது. சுழிச்சேன். அடுத்து வந்ததையும் சுழிச்சேன். பத்து இடம் சுழிச்சுட்டேங்க. அப்புறம்தான் உறைச்சுது, வேற ஒரு எழுத்துப் பிழைகூட இல்லையேன்னு. சந்தேகம் வந்து முதல்லேருந்து படிச்சேன்.”

“ம்.”

“நாப்பத்தொண்ணுல மட்டும் ‘நாங்கள்’னு இருக்கு. அது நீங்க போட்டதா, அவரு போட்டதா? உண்மையச் சொல்லணும்.”

கமா எந்தச் சொல்லையும் நீட்டவில்லை, குறைக்கவும் இல்லை. “நான் கேட்டேன். அவர் ரொம்ப யோசிச்சார். அப்புறம் அவரே கைப்பட எழுதினார்.”

மறுமுனையில் வண்டிகளின் ஹாரன் கேட்டது.

“எங்க வீட்டுல எல்லாரும் என்கிட்ட எப்படிச் சொல்லி வளத்தாங்க தெரியுமா?” என்றார் டீச்சர். “உன்னக் கூட்டிட்டுப் போக வந்தாங்க, நீதான் போகமாட்டேன்னு அழுதேன்னு. நீதான் எங்கள விட்டுப் போகலன்னு. எங்கம்மா, அதான் பெரியம்மா, ஆசையாத்தான் சொல்வாங்க. நானும் அத நம்பிட்டேன். பெத்தவங்க ரெண்டு பேரையும் வேணாம்னு சொன்னது நான்தான்னு நெனச்சுட்டு, அவங்க முகத்தப் பாக்கவே கூச்சமா இருக்கும் எனக்கு. விசேஷத்துல பாத்தாகூட ரெண்டு வார்த்தை பேசிட்டு ஓடிடுவேன். சித்தி சாகக் கெடந்தப்பகூட...” பிறகு, “நான் அழவே இல்லையாமே?” என்றார்.

“இல்ல டீச்சர். விளையாடிட்டு இருந்தீங்க.”

“ஆமா. நூல்கண்டு.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?”

“ஆறு வரைக்கும். நீங்க வர்றீங்கன்னா ராத்திரி வரைக்கும்கூடத் திறந்திருப்பார்.”

“சொல்லிடாதீங்க. வாசல்ல வந்து நின்னு காத்துட்டு இருப்பாரு. பாவம், கால் வலிக்கும்.” பிறகு சட்டென்று, பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு கேள்வி. “போய் நின்னு என்னன்னு கூப்பிடறதுங்க? நாப்பத்துமூணு வருஷமா சித்தப்பா. திடீர்னு வாயில வருமா?”

இதே கேள்வியை இதே சொற்களில் கமா ஏற்கெனவே இன்னொருவர் வாயால் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லவில்லை.

“வர்றதக் கூப்பிடுங்க டீச்சர். நான் திருத்த மாட்டேன்.”

டீச்சர் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். “இருங்க, பஸ் வந்துடுச்சு,” என்றார். படி ஏறும் சத்தமும், “ஒரு டிக்கெட்” என்று யாரிடமோ சொல்லும் குரலும் கேட்டன. போனை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. கமாதான் அணைத்தாள்.